ஒரே இரண்டு தேதிகள், நான்கு வட்டித் தொகைகள்: எக்செலின் YEARFRAC கணக்கு

எக்செலில் உள்ள YEARFRAC என்ற ஃபங்ஷன், இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட காலம் ஓர் ஆண்டில் எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது. வட்டி விகிதம் எப்போதும் ஆண்டுக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. கடனோ வைப்போ சரியாக ஓர் ஆண்டு ஓடுவதில்லை. ஐந்து மாதம், தொண்ணூறு நாள், இரண்டே கால் ஆண்டு என்று ஓடும். அந்தக் காலத்தை ஆண்டின் பங்காக மாற்றி, அசலையும் வட்டி விகிதத்தையும் அதனால் பெருக்கினால் தனிவட்டி வந்துவிடும். இந்தப் பங்கைக் கண்டுபிடிக்கும் வேலையைத்தான் YEARFRAC செய்கிறது.

அதற்கு மூன்று விவரங்கள் கொடுக்க வேண்டும்: தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, பேஸிஸ் எனப்படும் ஓர் எண். பேஸிஸ் 0 முதல் 4 வரை இருக்கலாம். அதைத் தாண்டி எதைக் கொடுத்தாலும் #NUM! என்ற பிழை வரும். ஆனால் எதையுமே கொடுக்காவிட்டால் பிழை வராது. எக்செல் தானாகவே 0 என்று எடுத்துக்கொண்டு ஒரு விடையைத் தந்துவிடும். இந்த ஃபங்ஷனால் நேரும் குழப்பங்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. பேஸிஸ் என்பது வட்டி நாள்களை எப்படி எண்ணுவது என்று கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் சொல்லாமல் விட்டால் எக்செல் தனக்குத் தெரிந்த ஓர் ஏற்பாட்டைப் புகுத்திவிடுகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அசல் 10 லட்சம் ரூபாய், வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம். முழு ஆண்டுக்கான வட்டி 90,000 ரூபாய். பணம் கொடுத்த நாள் 2024 ஜனவரி 15, திரும்பி வந்த நாள் 2024 ஜூலை 15. பேச்சு வழக்கில் ஆறு மாதம். இதை எக்செலில் ஐந்து விதமாக எழுதலாம்:

```
=YEARFRAC(DATE(2024,1,15), DATE(2024,7,15), 0)
=YEARFRAC(DATE(2024,1,15), DATE(2024,7,15), 1)
=YEARFRAC(DATE(2024,1,15), DATE(2024,7,15), 2)
=YEARFRAC(DATE(2024,1,15), DATE(2024,7,15), 3)
=YEARFRAC(DATE(2024,1,15), DATE(2024,7,15), 4)
```

பேஸிஸ் 0, பேஸிஸ் 4 இரண்டும் 0.5 என்று சொல்லும். வட்டி 45,000 ரூபாய். பேஸிஸ் 1 சொல்வது 0.497268, வட்டி 44,754 ரூபாய் 10 காசு. பேஸிஸ் 2 சொல்வது 0.505556, வட்டி 45,500 ரூபாய். பேஸிஸ் 3 சொல்வது 0.498630, வட்டி 44,876 ரூபாய் 71 காசு. அசல் மாறவில்லை, விகிதம் மாறவில்லை, தேதிகளும் மாறவில்லை. மிக அதிகமான தொகைக்கும் மிகக் குறைந்த தொகைக்கும் 745 ரூபாய் 90 காசு வித்தியாசம். அசல் 10 கோடியாக இருந்தால் இந்த வித்தியாசம் 74,590 ரூபாய்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பின்னத்தின் இரு பாதிகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலே வருவது கழிந்த நாள்களின் எண்ணிக்கை. கீழே வருவது ஓர் ஆண்டுக்கு எத்தனை நாள் என்ற எண்ணிக்கை. பேஸிஸ் மாறும்போது சில சமயம் மேலே உள்ள எண் மாறும், சில சமயம் கீழே உள்ள எண் மாறும், சில சமயம் இரண்டுமே மாறும்.

2024 ஜனவரி 15 முதல் ஜூலை 15 வரை நாள்காட்டியைப் புரட்டி எண்ணினால் 182 நாள். அந்த ஆண்டு லீப் ஆண்டு என்பதால் பிப்ரவரிக்கு 29 நாள் கிடைத்திருக்கிறது. பேஸிஸ் 2-ம் 3-ம் இந்த 182-ஐ அப்படியே மேலே வைக்கின்றன. கீழே பேஸிஸ் 2 எப்போதும் 360-ஐ வைக்கும், பேஸிஸ் 3 எப்போதும் 365-ஐ வைக்கும். லீப் ஆண்டா இல்லையா என்று இரண்டுமே பார்ப்பதில்லை. ஐந்து பேஸிஸ்களில் எளிமையானவை இவை இரண்டும்தான். முடிவுத் தேதியிலிருந்து தொடக்கத் தேதியைக் கழித்து, 360-ஆலோ 365-ஆலோ வகுத்தால் முடிந்தது.

பேஸிஸ் 2 கடன் கொடுத்தவருக்குச் சாதகமானது. 365 நாள் கொண்ட ஓர் ஆண்டு முழுவதும் பணம் நின்றால், அது 365-ஐ 360-ஆல் வகுத்து 1.013889 ஆண்டு என்று சொல்லும். 9 சதவீத வட்டி உண்மையில் 9.125 சதவீதமாகிவிடும், 90,000 ரூபாய்க்குப் பதிலாக 91,250 ரூபாய். ஆனாலும் இது ஏமாற்று வேலை அல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குறுகிய காலப் பணச்சந்தை நெடுங்காலமாக இந்த முறையில்தான் நடக்கிறது. லைபாருக்குப் பதிலாக அமெரிக்காவில் வந்த சோஃபர் என்ற ஒரு நாள் வட்டி விகிதமும் உண்மை நாள்களை 360-ஆல் வகுக்கும் முறையில்தான் கணக்கிடப்படுகிறது. இங்கிலாந்தின் சோனியா விகிதத்துக்குக் கீழே வரும் எண் 365. இந்தியாவிலும் அரசின் கருவூல உண்டியல்களுக்கு உண்மை நாள்களை 365-ஆல் வகுப்பதுதான் வழக்கம். எனவே டாலர் கடனுக்குப் போட்ட ஃபார்முலாவை அப்படியே ரூபாய்க் கடன் தாளுக்கு நகலெடுத்தால், அதில் உள்ள 2 என்ற ஒற்றை எண் சத்தமில்லாமல் வட்டியைக் கூட்டிவிடும்.

இனி 0, 4 ஆகிய இரண்டும். இவை நாள்காட்டியைப் பார்ப்பதே இல்லை. எல்லா மாதத்துக்கும் 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துக்கொள்கின்றன. கணிப்பொறி வருவதற்கு முன், பேரேட்டில் கையால் வட்டி போட்ட காலத்தில் இது பெரிய வசதி. ஒவ்வொரு மாதமும் சமம், ஒவ்வொரு அரையாண்டும் சமம், 12 சதவீதம் என்றால் மாதம் சரியாக ஒரு சதவீதம். அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி தரும் பத்திரங்களில் ஒவ்வொரு தவணையும் ஒரே தொகையாக இருக்க வேண்டும் என்பதால் இந்த முறை இன்றும் நிலைத்திருக்கிறது. அமெரிக்க கம்பெனிகளின் பத்திரங்களும் இந்திய அரசின் நீண்ட காலப் பத்திரங்களும் 30-க்கு 360 என்ற இந்தக் கணக்கைப் பின்பற்றுகின்றன.

மாதத்தின் நடுவில் தொடங்கி நடுவில் முடியும் காலத்துக்கு 0-ம் 4-ம் ஒரே விடையைத் தரும். ஜனவரி 15, ஜூலை 15 உதாரணத்தில் இரண்டும் 180-ஐ 360-ஆல் வகுத்து 0.5 என்றதற்குக் காரணம் அதுதான். மாதக் கடைசி வந்தால் இரண்டும் பிரிந்து போகின்றன. எல்லா மாதத்துக்கும் 30 நாள் என்று சொல்லிவிட்டபின் 31-ம் தேதியை என்ன செய்வது என்ற கேள்வி எழும். அதற்கு ஐரோப்பிய முறையும் அமெரிக்க முறையும் வேறு வேறு பதில் சொல்கின்றன.

பேஸிஸ் 4 ஐரோப்பிய முறை. அதன் விதி ஒரே வரி: தொடக்கமானாலும் முடிவானாலும் 31-ம் தேதி வந்தால் அதை 30 ஆக்கிக்கொள். பேஸிஸ் 0 அமெரிக்க முறை. அங்கே பங்கு வியாபாரிகளின் சங்கமாக இருந்த நாஸ்டு என்ற அமைப்பின் பெயரால் குறிப்பிடப்படுகிறது. அதன் விதி சற்றுச் சுற்றி வளைத்தது. தொடக்கத் தேதி 31 என்றால் 30 ஆகும். முடிவுத் தேதி 31 என்றால், தொடக்கம் 30 அல்லது 31-ஆக இருந்தால் மட்டுமே அது 30 ஆகும். தொடக்கம் மாத நடுவில் இருந்தால் 31 என்பது 31-ஆகவே நிற்கும்.

இந்த ஒரு நிபந்தனை எவ்வளவு தூரம் போகிறது என்பதை நிதியாண்டை வைத்துப் பார்க்கலாம். ஏப்ரல் 1 முதல் மறு ஆண்டு மார்ச் 31 வரை என்று ஒரு காலத்தைக் கொடுத்தால், பேஸிஸ் 0-இல் மார்ச் 31 அப்படியே நிற்கிறது; நாள் எண்ணிக்கை சரியாக 360 வருகிறது; விடை முழு 1. பேஸிஸ் 4-இல் மார்ச் 31 என்பது மார்ச் 30 ஆகிறது, எண்ணிக்கை 359, விடை 0.997222. நம் 10 லட்சத்துக்கு முதலாவது 90,000 ரூபாய், இரண்டாவது 89,750 ரூபாய். ஒரு நாள் வட்டியான 250 ரூபாய் வித்தியாசம். இதில் எதையும் தவறு என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய முறையில் முழு ஆண்டு வேண்டுமானால் முடிவுத் தேதியை ஏப்ரல் 1 என்று கொடுக்க வேண்டும். அடிப்படையில் YEARFRAC முடிவு நாளைச் சேர்த்து எண்ணுவதில்லை. ஒரு தேதியிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. ஏப்ரல் 1-ஐயும் மார்ச் 31-ஐயும் சேர்த்து எண்ண விரும்புகிறவர் முடிவுத் தேதியோடு ஒன்றைக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். பேஸிஸ் 0-இல் விடை முழு 1 என்று வருவது 31-ம் தேதி விதியின் தயவால் நேர்வது. அதைப் பார்த்து எக்செல் கடைசி நாளையும் சேர்த்து எண்ணுகிறது என்று முடிவு கட்டினால், ஜூன் 30-இல் முடியும் அடுத்த காலாண்டிலேயே கணக்கு உதைக்கும்.

அமெரிக்க முறையில் இதைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு காலத்தை இரண்டாகப் பிரித்தால், பிரிந்த துண்டுகளின் கூட்டுத்தொகை முழுக் காலத்துக்குச் சமமாக வராமல் போகலாம். மார்ச் 15-இல் தொடங்கி ஏப்ரல் 15-இல் முடியும் ஒரு மாத வட்டியை எடுத்துக்கொண்டால் பேஸிஸ் 0-இல் அது 30 நாள். வட்டி 7,500 ரூபாய். ஆனால் மார்ச் 31-இல் கணக்கு முடிப்பு வருகிறது. அன்றுவரை சேர்ந்த வட்டியை அந்த ஆண்டின் கணக்கிலும், மீதியைப் புதிய ஆண்டின் கணக்கிலும் எழுத வேண்டும். மார்ச் 15 முதல் மார்ச் 31 வரை: தொடக்கம் 15 என்பதால் 31 மாறாமல் நிற்கிறது, 16 நாள், 4,000 ரூபாய். மார்ச் 31 முதல் ஏப்ரல் 15 வரை: தொடக்கம் 31 என்பதால் 30 ஆகிறது, 15 நாள், 3,750 ரூபாய். கூட்டினால் 31 நாள், 7,750 ரூபாய். கடன்காரர் கட்டப்போவது 7,500. ஏட்டில் எழுதியது 7,750. அந்த 250 ரூபாய் எங்கே போனது என்று தேடுபவர் வட்டி விகிதத்தையும் அசலையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார். இரண்டும் சரியாகவே இருக்கும். பேஸிஸ் 4-இல் இந்த இரு துண்டுகளும் 15, 15 என்று வந்து 30-க்குச் சரியாகப் பொருந்துகின்றன.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. மார்ச் 30-இல் கொடுத்து மார்ச் 31-இல் திரும்பப் பெற்ற பணத்துக்கு 0-ம் சரி, 4-ம் சரி, கழிந்த காலம் சைபர் என்று சொல்லும். ஒரு நாள் முழுவதும் பணம் வெளியே இருந்தும் வட்டி கிடையாது. ஒரு நாள், இரண்டு நாள் கணக்குக்கு 30-க்கு 360 முறையைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிப்ரவரி இந்த முறையின் பலவீனமான இடம். 30 நாள் கொண்டதாக நினைத்துக்கொள்ளும் மாதத்துக்கு உண்மையில் 28 நாள்தான் இருக்கிறது. 2023 பிப்ரவரி 28 முதல் மார்ச் 1 வரை நாள்காட்டியில் ஒரே நாள். பேஸிஸ் 4 பிப்ரவரி 28-ஐத் தொடுவதில்லை. 28-க்குப் பின் 29, 30 என்று இல்லாத இரண்டு நாள்களையும் எண்ணி மொத்தம் 3 நாள் என்கிறது. பேஸிஸ் 0, தொடக்கத் தேதி பிப்ரவரியின் கடைசி நாள் என்பதைக் கண்டுகொண்டு அதை 30 ஆக்கிவிடுகிறது. எண்ணிக்கை 1 நாள். ஒன்றில் 750 ரூபாய், மற்றதில் 250. பிப்ரவரியின் கடைசி நாளில் தொடங்கும் காலங்களுக்கு பேஸிஸ் 0 தவறான விடை தரக்கூடும் என்று மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே பிப்ரவரி 28 அல்லது 29-இல் தொடங்கும் எந்தக் கணக்கையும் ஒருமுறை கையால் எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

மீதமிருப்பது பேஸிஸ் 1. உண்மை நாள்களை உண்மையான ஆண்டு நீளத்தால் வகுப்பது என்பது இதன் விவரம். கேட்பதற்கு மிகவும் நியாயமானதாகத் தோன்றும். அதனாலேயே பலர் யோசிக்காமல் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் ஐந்திலும் சிக்கலானது இதுதான். மேலே வரும் நாள் எண்ணிக்கையில் சந்தேகமே இல்லை. கீழே வரும் ஆண்டு நீளம் எது என்பதுதான் பிரச்சினை: 365-ஆ, 366-ஆ, இரண்டும் கலந்ததா?

மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கம் இதை விளக்குவதில்லை. டேவிட் வீலர் என்ற கணிப்பொறி வல்லுநர் எக்செல் 2007-இல் ஏராளமான தேதி ஜோடிகளைக் கொடுத்துப் பார்த்து, அது உண்மையில் பின்பற்றும் விதியை எழுதிக் காட்டினார். அதன்படி, காலம் ஓர் ஆண்டுக்கு மேற்படாமல் இருந்தால் மூன்று கேள்விகள். இரண்டு தேதிகளும் ஒரே லீப் ஆண்டுக்குள் இருக்கின்றனவா? இருந்தால் கீழே 366. இரண்டு ஆண்டுகளில் இருந்தால், இடையில் பிப்ரவரி 29 வருகிறதா? வந்தால் 366. இரண்டும் இல்லையென்றால் 365. காலம் ஓர் ஆண்டைத் தாண்டினால் வேறு வழி: தொடக்கத் தேதி இருக்கும் ஆண்டு முதல் முடிவுத் தேதி இருக்கும் ஆண்டு வரை எல்லா ஆண்டுகளின் நாள்களையும் கூட்டிச் சராசரி எடுத்து, அந்தச் சராசரியால் வகுக்கிறது.

இந்த விதியின் விளைவை 2024-இன் இரண்டாம் பாதியில் நன்றாகப் பார்க்கலாம். ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை 183 நாள். இரண்டு தேதிகளும் லீப் ஆண்டான 2024-க்குள் இருக்கின்றன. பிப்ரவரி 29 எப்போதோ கழிந்துவிட்டது என்பது பொருட்டல்ல, கீழே 366. விடை சரியாக 0.5, வட்டி 45,000 ரூபாய். இப்போது முடிவுத் தேதியை ஒரே ஒரு நாள் தள்ளி 2025 ஜனவரி 1 என்று கொடுத்தால், தேதிகள் இரண்டு ஆண்டுகளில் விழுகின்றன. இடையில் பிப்ரவரி 29 இல்லை. கீழே உள்ள எண் 365 ஆகிவிடுகிறது. 184-ஐ 365-ஆல் வகுத்தால் 0.504110, வட்டி 45,369 ரூபாய் 86 காசு. முந்தைய நாள்களில் ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 246 ரூபாயாக ஓடிக்கொண்டிருந்தது. புத்தாண்டு அன்று மட்டும் அது 370 ரூபாயாகக் குதிக்கிறது. அந்த ஒரு நாளில், அதற்கு முன் கழிந்த 183 நாள்களின் மதிப்பும் சேர்ந்து மாறிவிடுகிறது என்பதுதான் காரணம். தினமும் சேரும் வட்டியைப் பதிவு செய்யும் தாளில் இப்படி ஒரு குதி தெரிந்தால், பேஸிஸ் 1 இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நீண்ட காலத்தில் இன்னொரு விளைவு. 2023 ஜனவரி 1 முதல் 2024 ஜனவரி 1 வரை பேஸிஸ் 1 சரியாக 1 என்கிறது. 2024 ஜனவரி 1 முதல் 2025 ஜனவரி 1 வரையிலும் சரியாக 1. ஆனால் 2023 ஜனவரி 1 முதல் 2025 ஜனவரி 1 வரை என்று ஒரே மூச்சில் கேட்டால் 2 வராது, 2.000912 வரும். மொத்தம் 731 நாள். 2025-இல் ஒரே ஒரு நாள்கூட முழுதாகக் கழியாவிட்டாலும் அந்த ஆண்டையும் சேர்த்து, 365, 366, 365 ஆகிய மூன்றின் சராசரியான 365.3333-ஆல் வகுக்கிறது. வட்டி 1,80,000 ரூபாய்க்குப் பதிலாக 1,80,082 ரூபாய் 12 காசு. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டுக் கடனில் ஆண்டு ஆண்டாகக் கூட்டியவருக்கும் மொத்தமாகக் கணக்கிட்டவருக்கும் விடை ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம்.

இதனால்தான் ஒப்பந்தத்தில் உண்மை நாள், உண்மை ஆண்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்தவுடன் பேஸிஸ் 1-ஐப் போட்டுவிட முடியாது. அந்தச் சொல்லுக்கே பல பொருள்கள் உள்ளன. வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தங்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான இஸ்டாவின் முறையில், காலத்தை ஆண்டு எல்லையில் வெட்ட வேண்டும். சாதாரண ஆண்டில் விழுந்த நாள்களை 365-ஆலும் லீப் ஆண்டில் விழுந்த நாள்களை 366-ஆலும் தனித்தனியாக வகுத்துக் கூட்ட வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் 2024 மார்ச் 31 வரை 182 நாள். அதில் 92 நாள் 2023-இல், 90 நாள் 2024-இல். இஸ்டா முறையை எக்செலில் இப்படி எழுதலாம்:

```
=(DATE(2024,1,1)-DATE(2023,10,1))/365
 +(DATE(2024,3,31)-DATE(2024,1,1))/366
```

விடை 0.497956, வட்டி 44,816 ரூபாய் 8 காசு. YEARFRAC பேஸிஸ் 1 இடையில் பிப்ரவரி 29 வருவதைப் பார்த்து மொத்த 182 நாளையும் 366-ஆல் வகுக்கிறது: 0.497268, வட்டி 44,754 ரூபாய் 10 காசு. இரண்டும் தம் விதிப்படி சரி. ஆனால் ஒப்பந்தம் இஸ்டா முறையைச் சொன்னால் YEARFRAC-இன் விடை அந்த ஒப்பந்தத்துக்குச் சரியல்ல. அமெரிக்க அரசின் நீண்ட காலப் பத்திரங்களும் உண்மை நாள் முறையைப் பின்பற்றுகின்றன என்றாலும், அங்கே கழிந்த நாள்களை அந்த வட்டித் தவணைக் காலத்தின் நாள்களால் வகுக்கிறார்கள். அதையும் YEARFRAC செய்யாது.

எந்த பேஸிஸ் என்பதை முடிவு செய்ய வேண்டியது கடன் பத்திரம் அல்லது ஒப்பந்தம். வட்டி கணக்கிடும் முறை என்ற தலைப்பின் கீழோ, விகிதம் குறிப்பிடப்பட்ட பத்திக்கு அடுத்தோ அது எழுதப்பட்டிருக்கும். 360 நாள் கொண்ட ஆண்டு, 30 நாள் கொண்ட பன்னிரண்டு மாதங்கள் என்று இருந்தால் 0 அல்லது 4. உண்மையில் கழிந்த நாள்கள், 360 நாள் ஆண்டு என்றால் 2. உண்மையில் கழிந்த நாள்கள், 365 நாள் ஆண்டு என்றால் 3. எதுவுமே எழுதவில்லை என்றால் எக்செலின் 0-ஐ நம்பி விட்டுவிடக் கூடாது. எதிர்த் தரப்பிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வதே வழி.

பிறர் தயாரித்த தாள் கையில் வந்து, அதில் ஃபார்முலா அழிக்கப்பட்டு வெறும் விடை மட்டும் இருந்தாலும் எந்த முறை என்று கண்டுபிடித்துவிடலாம். முதலில் முடிவுத் தேதியிலிருந்து தொடக்கத் தேதியைக் கழித்து உண்மை நாள்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு அந்தப் பின்னத்தை 360-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். 0.505556-ஐ 360-ஆல் பெருக்கினால் 182. உண்மை நாளும் 182 என்பதால் அது பேஸிஸ் 2. 0.5-ஐப் பெருக்கினால் 180. முழு எண்தான், ஆனால் உண்மை நாள் அல்ல என்பதால் 30-க்கு 360 முறை. 360-ஆல் பெருக்கி முழு எண் வராவிட்டால் 365-ஆலும் 366-ஆலும் பெருக்கிப் பார்க்கலாம். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு எதனால் பெருக்கினாலும் உண்மை நாள் கிடைக்காவிட்டால், சராசரி ஆண்டால் வகுக்கும் பேஸிஸ் 1 என்று சந்தேகிக்கலாம்.

இந்தச் சோதனைக்குப் பின்னத்தின் ஆறு தசம இடங்களாவது தெரிய வேண்டும். செல்லில் இரண்டு தசம இடம் மட்டும் காட்டும்படி வைத்திருந்தால் 0.5, 0.497268, 0.498630 ஆகிய மூன்றும் 0.50 என்றே தெரியும். எக்செல் உள்ளே முழு எண்ணையும் வைத்துத்தான் பெருக்குகிறது. ஆகவே கண்ணுக்கு 0.50 என்றும் வட்டிக்கு 44,754 என்றும் தெரியும்போது பார்ப்பவர் குழம்புவார். இதைவிட மோசம், காகிதத்தில் 0.50 என்று பார்த்து அதையே இன்னொரு தாளில் தட்டச்சு செய்வது. அப்போது வித்தியாசம் நிரந்தரமாகிவிடும்.

தேதிகளைக் கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். 03/04/2024 என்று எழுத்தாகக் கொடுத்தால், கணிப்பொறியின் அமைப்பைப் பொறுத்து அது ஏப்ரல் 3 ஆகவோ மார்ச் 4 ஆகவோ படிக்கப்படும். DATE ஃபங்ஷனில் ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியாகக் கொடுத்தால் இந்தச் சந்தேகமே எழாது. இன்னொன்று, இரண்டு தேதிகளும் இடம் மாறிப்போனால் YEARFRAC கழித்தல் குறி காட்டாது. தானே திருப்பிப் போட்டுக்கொண்டு வழக்கமான கூட்டல் எண்ணையே தரும். முடிவுத் தேதியில் ஆண்டைத் தவறாக அடித்து, அது தொடக்கத்துக்கு முன் போய்விட்டாலும் வட்டி என்று ஒரு தொகை வந்து நிற்கும். பக்கத்துச் செல்லில் வெறும் கழித்தலைப் போட்டு வைத்தால் அது உடனே காட்டிக்கொடுக்கும். A2-இல் தொடக்கம், B2-இல் முடிவு, C2-இல் அசல், D2-இல் விகிதம், தாளின் மேலே H1-இல் பேஸிஸ் என்று வைத்துக்கொண்டால் தேவையானவை மூன்றே வரிகள்:

```
=B2-A2
=YEARFRAC(A2,B2,$H$1)
=ROUND(C2*D2*YEARFRAC(A2,B2,$H$1),2)
```

பேஸிஸ் ஒரே செல்லில் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதால், அதை 0-இலிருந்து 3-க்கு மாற்றினால் தாளில் உள்ள எல்லா வட்டியும் எவ்வளவு நகர்கிறது என்பதை உடனே பார்த்துவிடலாம். ஆனால் H1-ஐக் காலியாக விட்டாலும் எக்செல் அதை 0 என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் அந்தச் செல்லுக்கு அருகில், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி இந்த எண் போடப்பட்டது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.